காலை ஓட்டப் படத்துக்கு அறிவுரை தொனிக்காத வரி எழுதுவது எப்படி?

கேள்வி: தினமும் காலையில் மதுரை தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறேன். அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போடும்போது பார்க்கிறவர்களுக்கும் ஓடத் தோன்ற வேண்டும், ஆனால் அறிவுரை சொல்கிற மாதிரி இருக்கக் கூடாது. என்ன எழுதலாம்?

பதில்:

முதலில் இப்படி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரிப் படங்களுக்குக் கீழே அதிகம் பார்க்கிற வகை இது.

"தூங்கிக்கொண்டே இருந்தால் எதுவும் மாறாது. சீக்கிரம் எழுந்திருங்கள், ஓடுங்கள். உடல்தான் முதல் சொத்து!"

இதில் படிப்பவரை உறுத்துவது வினைச்சொற்களின் முடிவுதான். 'எழுந்திருங்கள்', 'ஓடுங்கள்', 'ஓடணும்' என்று முடிகிற ஒவ்வொரு வாக்கியமும் உத்தரவு. 'ஓடிப் பார்க்கலாமே' என்று மென்மையாக்கினாலும் அது உத்தரவின் இன்னொரு வடிவம்தான். அதைவிட மோசம் தூக்கத்தைக் குறை சொல்வது. இரவு ஷிப்ட் முடித்து வருகிற நர்ஸும், விடிய விடிய லோடு இறக்கிவிட்டுப் படுக்கப் போகிற மார்க்கெட் தொழிலாளியும் இதைப் படிப்பார்கள். அவர்களை ஒரே வரியில் சோம்பேறி ஆக்கிவிடுகிறது.

ஆகவே எழுதி முடித்ததும் '-ங்கள்', '-ணும்', 'வேண்டும்', '-லாமே' என்று முடிகிற வாக்கியங்களை அடித்துவிடுங்கள். எதுவுமே மிஞ்சவில்லை என்றால், அதில் சொல்ல விஷயமே இல்லாமல் இருந்தது என்று அர்த்தம்.

அந்த இடத்தில் நடந்ததை வையுங்கள். தெப்பக்குளத்தை வெளிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். மேற்குக் கரையில் நின்று எடுத்தால் மைய மண்டபத்துக்குப் பின்னால் சூரியன் எழும். படத்தில் அது தெரிகிறது என்பதால் 'அழகான காலை' என்று எழுதத் தேவையில்லை. படம் காட்டாததைத்தான் வரி சொல்ல வேண்டும். அதாவது எத்தனை சுற்று, எங்கே மூச்சு வாங்கியது, எங்கே நடந்தீர்கள்.

"தெப்பக்குளம், காலை ஆறு மணி. மூணு சுத்து. ரெண்டாவது சுத்துல பாதி நடைதான்."

இங்கே வேலை செய்வது கடைசி வாக்கியம். பார்க்கிறவரைத் தடுப்பது பெரும்பாலும் 'நம்மால் நிற்காமல் ஓட முடியாது' என்ற எண்ணம். நடுவில் நடந்ததும் கணக்கில் சேரும் என்று அந்த வரி சொல்லாமல் சொல்லிவிடுகிறது. ஆனால் உண்மையாகவே நடந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். நிற்காமல் ஓடியவர் பணிவுக்காக 'பாதி நடைதான்' என்று போட்டால், கூட ஓடியவர்களுக்குத் தெரிந்துவிடும். நிற்காமல் ஓடிய நாளில் வேறொரு உண்மையை எடுத்துக்கொள்ளலாம்: "முதல் சுத்து முழுக்க வீட்டுக்குத் திரும்பிடலாம்னுதான் இருந்துச்சு. மூணாவது சுத்துல அந்த நினைப்பே வரல."

பேச்சுத் தமிழில் எழுதுவதும் உதவும். அதே விஷயத்தை 'இரண்டாவது சுற்றில் பாதி நடைதான்' என்று எழுதினால் அறிவிப்புப் பலகை போல விறைத்துப்போகிறது.

எண்கள் ஒன்றிரண்டு போதும். தூரம், வேகம், இதயத் துடிப்பு, எரிந்த கலோரி என்று ஆப்பில் வருவதையெல்லாம் கொட்டினால் ஓடாதவருக்கு ஒன்றும் புரியாது, ஓடுகிறவர் ஒப்பிட ஆரம்பித்துவிடுவார். சுற்றுக் கணக்கு நல்ல அளவு. மதுரைக்காரர் யாருக்கும் தெப்பக்குளத்தின் ஒரு சுற்று எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது அழைப்பு. பொதுவாக 'நீங்களும் வாங்க' என்றால் யாரும் வரமாட்டார்கள், அதுவும் உத்தரவுதான். நாளையும் இடத்தையும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்: "ஞாயித்துக்கிழமையும் மாரியம்மன் கோயில் பக்கம்தான். நடக்கிறவங்களும் உண்டு." வருவதும் வராததும் அவர் விருப்பம் என்று இதிலேயே இருக்கிறது. ஆனால் பொதுக் கணக்கில், அதிலும் தனியாக ஓடுகிற பெண்கள், வரப்போகும் நாளையும் நேரத்தையும் போடாமல் இருப்பதே நல்லது. அந்த வரியைத் தெரிந்தவர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடலாம். வீட்டு வாசலில் தொடங்குகிற ஓட்ட வரைபடத்தையும் எங்கும் போட வேண்டாம்.

இன்ஸ்டாகிராம் ஃபீடில் முதல் ஓரிரு வரிகள்தான் விரியாமல் தெரியும், மீதி மறைந்துவிடும். அதனால் நடை பற்றிய வரி முதலிரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். ஹேஷ்டேக் போடுவதானால் கடைசியில், இரண்டு மூன்று போதும்.

படத்தை ஓடி முடித்த கையோடு போடுவதைவிட, அன்றிரவு எட்டு, ஒன்பது மணி வாக்கில் 'இன்னிக்குக் காலைல' என்று தொடங்கிப் போடுவது என் தேர்வு. காலை ஒன்பது மணிக்குப் பார்க்கிறவரால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது. இரவில் பார்க்கிறவர் அலாரம் வைக்கப் போகிற நேரத்தில் இருக்கிறார். நீங்கள் இந்த நிமிடம் எங்கே இருக்கிறீர்கள் என்பதும் படத்திலிருந்து யாருக்கும் தெரியாது.