இடுப்பு வரை முடி, கண்ணில் விழாமல் கால்பந்து

கேள்வி: இடுப்பு வரை முடி இருக்கிறது. பள்ளியில் கால்பந்து ஆடுகிறேன். எந்த ஹேர்பேண்ட் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் வழுக்கிப் பின்னால் போய்விடுகிறது. வெட்டாமல் என்ன வழி?

முதலில் எண்ணெயை நிறுத்து, மக்ளே. தினமும் தலையில் தேங்காய் எண்ணெய் வைப்பது நம்ம ஊர் வழக்கம், தப்பில்லை. ஆனால் ஆட்டத்தன்று அது பேண்டையும் வழுக்க வைக்கும், வேர்வையோடு கண்ணில் இறங்கி எரியவும் செய்யும். முந்தின நாளே சீயக்காய் தேய்த்துக் குளித்து நன்றாகக் காயவிடு.

அப்புறம், முடி முழுவதையும் பேண்ட் தாங்கும் என்று எதிர்பார்க்காதே. உச்சியைத் தாண்டினால் தலை பின்பக்கம் சரிந்து போகிறது. இடுப்பு நீள முடியின் கனமும் பின்னால் இழுத்தால் பேண்ட் அங்கே நிற்காது. முடியைப் பின்னல்தான் பிடிக்க வேண்டும்.

என் அக்கா மகளும் கால்பந்துதான் ஆடுகிறாள், உன்னைப் போலவே நீள முடி. அவளுக்கு நடு வகிடு எடுத்து இரண்டு பக்கமும் பிரெஞ்சு பின்னல் போட்டுவிடுவேன். சாதாரண ரெட்டைச் சடை போதாது, அது காதுக்குப் பின்னால்தான் தொடங்கும், முன்முடி தப்பித்துவிடும். நெற்றியோரத்தில், புருவ முனைக்கு நேர் மேலே மெல்லிய மூன்று கால் எடுத்துத் தொடங்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்து முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போ. கை தலையை ஒட்டியே இருக்கட்டும், தூக்கிப் பின்னினால் தளர்ந்துவிடும். பிடரியில் சின்ன ரப்பர் பேண்ட் ஒன்று, நுனியில் ஒன்று. நுனியைத் தொங்கவிடாமல் மேலே மடித்துக் கட்டு. திரும்பும்போது வீசி அடுத்தவள் கண்ணில் அடிக்கக் கூடாது. ஸ்லைடு, கொண்டை ஊசி வேண்டாம். தலையால் பந்தை முட்டும்போது குத்தும், நடுவரும் கழற்றச் சொல்வார்.

பின்னி முடித்ததும் புருவத்தை உயர்த்திப் பார். உயரவில்லை, அல்லது நெற்றியோரம் முடிவேர் புடைத்துத் தெரிகிறது என்றால் ரொம்ப இறுக்கம், அவிழ்த்து மறுபடி போடு. குனிந்து தலையை நன்றாக உதறியும் பார், முன்னால் ஏதாவது வந்து விழுந்தால் அது தளர்வு.

இனி மிச்சம் நெற்றியோரக் குட்டை முடிதான். முட்டம், குளச்சல் பக்கம் கடற்கரை மைதானத்தில் காற்று அதைத்தான் கண்ணுக்குள் தள்ளும். அதற்கு மட்டும் பேண்ட் போடு: இரண்டு விரல் அகலம், உள்பக்கம் சிலிக்கோன் கோடு உள்ளது. எண்ணெய் இல்லாத முடியில் அந்தக் கோடு பிடிக்கும். காதுக்குப் பின்னால் இறக்கி, பின்மண்டையில் விரலுக்குத் தட்டுப்படும் மேட்டுக்குக் கீழே கொண்டு போ. அந்த மேடு அதை மேலே ஏற விடாது. கனமான பருத்தித் துணியில் வேண்டாம், வேர்வை குடித்து நீண்டு தொங்கும். வேகமாகக் காயும் விளையாட்டுத் துணி நல்லது.

வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடு, அப்படியே தூங்காதே. தினமும் இறுக்கி வைத்திருந்தால் நெற்றியோரம் முடி மெலியும். எண்ணெயை அன்றைக்கு இரவே வைத்துக்கொள்ளலாம், மறுநாள் ஆட்டம் இல்லையென்றால்.