வெண்டை விதை: ஹைபிரிடா, நாட்டு ரகமா? கேள்வி பதில்

அண்ணா, ஒரு ஏக்கர் வெண்டை போடப் போகிறேன். ஹைபிரிட் விதை கிலோ 3,200 ரூபாய் சொல்கிறார்கள். நாட்டு விதை கிலோ 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாட்டு விதைக்கே போய்விடலாமா? – ஒட்டன்சத்திரம் விவசாயி

தம்பி, கிலோ விலையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். ஹைபிரிட்டைக் குழிக்கு ஒரு விதையாக ஊன்றுவதால் ஏக்கருக்கு ஒரு கிலோ போதும். நாட்டு விதை மூன்று கிலோ வரை போகும். அப்படிப் பார்த்தால் 3,200-க்கு எதிரே 1,500. வித்தியாசம் 1,700 ரூபாய்தான்.

இப்போது காயைப் பாருங்கள். நாட்டு ரகமும் சாதாரண ரகங்களும் ஏக்கருக்கு ஐந்து, ஆறு டன் தரும். நல்ல ஹைபிரிட் எட்டு டன்னைத் தாண்டும். வித்தியாசம் இரண்டு டன் என்றே வையுங்கள். கிலோ 15 ரூபாய்க்குப் போனால் 30,000 ரூபாய். அதில் பறிகூலியும் கமிஷனும் போகும். உரச் செலவும் கூடும், ஏனென்றால் ஹைபிரிட்டுக்குச் சொல்லப்படும் தழைச்சத்து அளவு சாதாரண ரகத்தைவிடப் பல மடங்கு. அந்த உரமும் சொட்டு நீரும் தர முடியாத நிலத்தில் எட்டு டன்னை எதிர்பார்க்க வேண்டாம். எப்படிக் கணக்குப் போட்டாலும் விதை விலை இதில் சின்னத் தொகைதான்.

பெரிய தொகையைத் தீர்மானிப்பது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புகிற இந்த வைரஸ் செடி இளசாக இருக்கும்போதே வந்துவிட்டால் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகும், காய் வெளுத்து முரடாகும், மண்டியில் கேட்க ஆளிருக்காது. மாசி, பங்குனியில் விதைக்கிற கோடை வெண்டைக்கு இந்தத் தொல்லை அதிகம். கோடைப் பயிர் என்றால், உங்கள் ஊரில் போன கோடையில் தாக்குப்பிடித்த ஹைபிரிட் எது என்று கேட்டு அதையே போடுங்கள். ஆடிப்பட்டம் என்றால் நாட்டு ரகத்தைத் தைரியமாகப் பார்க்கலாம்.

ஹைபிரிட் விதையை மறுபடி போட்டால் முளைக்கவே முளைக்காதாமே? கம்பெனிக்காரர்கள் மலடாகவே செய்து தருகிறார்கள் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். – வாசகர், தேனி

எடுத்து வைத்தால் பலன் இல்லை என்பது வரை சரி. மலடு என்பது தவறு. ஹைபிரிட் வெண்டையின் நெற்றில் இருக்கும் விதை நன்றாகவே முளைக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். முதல் தலைமுறையில் எல்லாச் செடியும் ஒரே அச்சாக இருந்தன. இரண்டாம் தலைமுறையில் தாய், தகப்பன் குணங்கள் பிரிந்து வரும். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றின் காய் கரும்பச்சை, இன்னொன்று வெளிர். நோயைத் தாங்கும் குணமும் எல்லாச் செடிக்கும் போய்ச் சேராது. வீட்டுக் கொல்லையில் பத்துச் செடி என்றால் இது ஒரு விஷயமே இல்லை. ஒரு ஏக்கரில் தரம் பிரிக்கவே ஆள் வைக்க வேண்டியிருக்கும்.

நாட்டு விதை என்றால் எப்படி எடுத்து வைப்பது? பக்கத்துக் காட்டில் ஹைபிரிட் வெண்டை நிற்கிறது. – பொள்ளாச்சி

வெண்டை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். ஆனாலும் தேனீ வந்து கலந்துவிடும், பக்கத்தில் ஹைபிரிட் நின்றால் இன்னும் கவலை. அதற்காக முழுக் காட்டையும் மூட வேண்டாம், இரண்டு கட்டமாகச் செய்யுங்கள்.

முதலில் தாய் விதை. ரகத்துக்குப் பொருந்தாத கலவன் செடிகளைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். நல்ல செடிகள் இருபது, முப்பதை அடையாளம் வையுங்கள். நாளைக் காலை மலரப்போகிற மொட்டு முந்தின மாலையே நுனியில் மஞ்சள் காட்டும். அந்த நுனியை நூலால் லேசாகக் கட்டிவிட்டால் பூ விரியாது, தேனீ நுழையாது, தானாகவே காய் பிடிக்கும். காம்பில் ஒரு வண்ண நூலும் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பறிக்கிற ஆள் தெரியாமல் அதையும் பறித்துக் கூடையில் போட்டுவிடுவார். இப்படி முப்பது காய் நெற்றானால் அடுத்த பட்டத்துக்குத் தாய் விதை தாராளம்.

அடுத்த பட்டத்தில் அந்தத் தாய் விதையை ஒரு சென்ட்டில் தனியாகப் போடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒரு அடி இடைவெளியில் ஏறத்தாழ 300 செடி நிற்கும். செடிக்கு ஐந்து காய் விட்டால் 1,500 நெற்று. ஒரு நெற்றில் மூன்று கிராம் வரும், பாதி நெற்று நன்றாக வந்தாலே இரண்டு கிலோவுக்கு மேல் தேறும். இந்த ஒரு சென்ட்டில் பக்கத்து மகரந்தம் கொஞ்சம் கலந்தாலும் அது அந்த ஒரு பயிரோடு போகும். நூல் கட்டி எடுக்கிற தாய் விதை சுத்தமாக இருக்கிற வரை ரகம் கெடாது.

தாய் விதைக்கு நூல் கட்டிய அந்த முப்பது காயைத் தவிர, காய் பறிக்கிற காட்டிலேயே விதைக்கும் விடாதீர்கள். காய் முற்ற ஆரம்பித்ததும் செடி புதுப் பூ வைப்பதைக் குறைத்துவிடும். நெற்று பழுப்பாகி, விளிம்பில் கோடு விட்டதும் பறித்துவிடுங்கள். மழையில் நின்றால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும்.

விதைப்பதற்கு முன் நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணிப் பாருங்கள். சான்று விதைக்கே வெண்டையில் குறைந்தபட்சம் 65 சதவீதம் முளைப்புதான் கேட்கிறார்கள். உங்களுடையது அதற்குக் கீழே போனால் விதை அளவைக் கூட்டுங்கள்.

ஐயா, என் மாடித்தோட்டத்தில் நாட்டுச் சுரை வைத்தேன். விதை எடுத்துப் போட்டதில் காய் ஒரே கசப்பு. விதையை எத்தனை நாள் காய வைக்க வேண்டும்? – இல்லத்தரசி, மதுரை

அம்மா, காய வைத்ததில் குறை இல்லை. சுரை முழுக்கத் தேனீ, அந்துப்பூச்சி போன்ற பூச்சிகளை நம்பிக் காய் பிடிப்பது. எங்கோ நின்ற கசப்புச் சுரையின் மகரந்தம் போன பட்டத்திலேயே கலந்திருக்கலாம். அதன் விளைவு விதையில் உட்கார்ந்து, இந்தப் பட்டத்துக் காயில் தெரிகிறது. அந்தக் காயைச் சமைக்க வேண்டாம், சாறாகவும் குடிக்க வேண்டாம். கசப்புச் சுரை கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும். அந்தக் கொடியைப் பிடுங்கிவிடுங்கள், விதையும் எடுக்காதீர்கள். இனி ஒரு பெண் பூவை மாலையில் விரியும் முன்பே துணிப்பையால் மூடி, விரிந்ததும் அதே ரகத்து ஆண் பூவால் தடவி, மறுபடி மூடுங்கள்.

நான் மண்டியில் தரகு பார்க்கிறேன். நாட்டு வெண்டை வந்தால் விலை குறைத்துத்தான் கேட்கிறார்கள். விவசாயிக்கு ஏன் வீண் ஆசை காட்டுகிறீர்கள்?

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. வெளியூர் லாரிக்குப் போகிற காய் கரும்பச்சையாக, ஒரே நீளமாக இருக்க வேண்டும். எட்டுப்பட்டை நாட்டு வெண்டை அந்தக் கணக்கில் தோற்கும். உழவர் சந்தையிலோ வீட்டுக்கு வீடோ விற்கிறவருக்கு அந்தக் காய்க்கென்றே வாடிக்கை உண்டு. அதனால் முதலில் யாருக்கு விற்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு விதை வாங்குங்கள் என்பேன்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அர்க்கா அனாமிகா போன்ற ரகங்கள் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமான ஐ.ஐ.எச்.ஆர். வெளியிட்டவை. ஹைபிரிட் அல்ல, விதை எடுத்து வைக்கலாம், காயும் மண்டிக்கு ஏற்றது. தேமலைத் தாங்கத்தான் வெளியிட்டார்கள், ஆனால் அந்தத் தாங்குதிறன் இப்போது பழையபடி இல்லை.

எடுத்த விதையைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றால் வழக்கு வருமா? – திருவண்ணாமலை

வராது. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரை, பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. கடை வைத்து வியாபாரமாகவே செய்தால் விதை விற்பனை உரிமம் வாங்க வேண்டும்.

கோடையில் நோய் வராமல் நின்ற நாட்டுச் செடியிலிருந்தே வருஷா வருஷம் விதை எடுத்தால் தாங்குகிற ரகம் உருவாகிவிடாதா? – வேளாண் மாணவி

எனக்கும் அந்த ஆசைதான் அம்மா, செய்தும் வருகிறேன். பச்சையாக நின்ற செடி நிஜமாகவே தாங்கியதா, ஈ கடிக்காமல் தப்பியதா என்று ஒரு பட்டத்தில் சொல்ல முடியாது. அதன் விதையை மறுகோடையில் நோய் பிடித்த செடிகளுக்கு நடுவே ஒரு வரிசை போட்டுப் பாருங்கள். அந்த வரிசை முழுவதும் மஞ்சளானால் போன வருஷம் தப்பியதுதான். பாதிக்கு மேல் பச்சையாக நின்றால், அந்தச் செடிகளில் நூல் கட்டுங்கள்.