அம்மாவின் பேர் எந்தக் கணக்கில்?

*அக்கா, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சமையல் வீடியோ போடுகிறோம். வழமையாக 6,000 பேர் பார்ப்பார்கள். ரொட்டி, சம்பல் வீடியோ மட்டும் 140,000 போனது. நுவரெலியாக் கடையொன்று தங்கள் மிளகாய்த்தூளைக் காட்ட 5,000 ரூபாயும் ஒரு பெட்டி தூளும் தருவதாகச் சொல்கிறது. நானும் தம்பியும் எடுத்து எடிட் செய்வோம். அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நின்று சமைத்துத் தருவார், அதில் செலவில்லை. எவ்வளவு கேட்கலாம்?*

செலவில்லையா? தங்கச்சி, அம்மாவின் ஒரு நாள் பேர், அதாவது தோட்டத்தில் அன்றைக்கு விழும் கூலி, போகிறதே, அது யார் வீட்டுக் காசு? கொழுந்துக்குப் போயிருந்தால் கைக்கு வந்திருக்கும் கூலியைக் கடைக்காரருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துவிட்டு, விலை கேட்க என்னிடம் வருகிறாய். பெற்றவள் உழைப்பை இனாமாக எழுதும் கணக்கு எனக்குப் பிடிக்காது.

முதல் வரியாக அதை எழுது. பேர் 1,700 ரூபாய் என்று வைப்போம். சாமான், விறகு, காஸ் 1,500. பஸ், டேட்டா 800. நீயும் தம்பியும் எடுப்பதும் வெட்டுவதுமாகச் சேர்த்து 14 மணித்தியாலம், மணிக்கு 400 வீதம் 5,600. மொத்தம் 9,600. இதற்குக் கீழே போனால் வீட்டுக்கு நட்டம். பெட்டித் தூளை இதில் கழிக்காதே. தூளைக் கொடுத்து லயத்துக் கடையில் அரிசி வாங்க முடியாது.

அடுத்தது பார்வை. அந்த 140,000ஐச் சேர்த்துப் பத்து வீடியோவுக்குச் சராசரி போட்டால் 19,400 வரும். அதைச் சொல்லி விலை பேசி, கடைக்கு 6,000 மட்டும் கிடைத்தால் மறுமுறை உன் போனை எடுக்க மாட்டார்கள். பத்தையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதையே சொல். புதிய வீடியோ இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், ஆகவே வெளியாகி 30 நாள் ஆனவற்றை மட்டும் எடு.

அந்த 6,000 பேரும் எங்கே இருக்கிறார்கள் என்பது YouTube Studioவில் பார்வையாளர் பகுதியில் நாடுவாரியாகத் தெரியும். நூற்றுக்கு 40 பேர்தான் இலங்கை என்றால், உள்ளூரில் மட்டும் தூள் அனுப்பும் கடைக்கு நீ தருவது 2,400 பேர். மிச்சம் தமிழ்நாடும் வளைகுடாவும். அவர்கள் பார்ப்பார்கள், வாங்க முடியாது. வெளிநாட்டுக்கும் பார்சல் அனுப்பும் கடையானால் கதை வேறு, 6,000ஐயும் கணக்கில் எடுக்கலாம்.

இனிக் கடைக்காரர் பக்கம் நின்று பார். 2,400 பேரில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினால் 24 ஓடர். ஓடருக்கு 500 ரூபாய் இலாபம் நின்றால் 12,000. நூற்றுக்கு ஒருவர் என்பது ஊகம்தான், இலாபத்தை அவரிடமே கேள். ஆக உன் தரை 9,600, அவருடைய கூரை ஏறத்தாழ 12,000. நீ 12,000 கேள், 10,000க்குக் கீழே இறங்காதே. உன் பெயரில் ஒரு விலைக்கழிவுக் குறியீடு போடச் சொல். எத்தனை ஓடர் வந்ததென்று அதில் தெரிந்தால், அடுத்த விலையை ஊகமில்லாமல் பேசலாம்.

பாதிப் பணம் படப்பிடிப்புக்கு முன்னே. திருத்தம் ஒரு தடவை இனாம், பிறகு ஒவ்வொன்றுக்கும் 1,200. அந்த வீடியோவைக் கடை தன் பேஸ்புக்கில் காசு கட்டி ஓட்டினால் அதற்குத் தனி விலை. முன்பணம் வந்ததும் முதலில் 1,700ஐ எண்ணி அம்மா கையில் கொடு.