சொந்தங்களின் வாயை அடைப்பதா, மகளிடம் வாயைத் திறப்பதா?

வணக்கம் அக்கா,

எனக்கு 36 வயது. திருகோணமலை, உப்புவெளியில் அம்மா சீதனமாக எழுதித் தந்த வீட்டில் இருக்கிறேன். விவாகரத்தாகி மூன்று வருடம். என்னோடு வேலை செய்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், என்னைக் கேட்டிருக்கிறார். எனக்கும் விருப்பம்தான். வீட்டில் சொன்ன நாளிலிருந்து நிம்மதி போய்விட்டது.

"ஒருத்தனோட வாழத் தெரியாதவள் இன்னொருத்தனோட வாழ்ந்து கிழிக்கப் போறாளாம்" என்று பெரியம்மா ஊரெல்லாம் சொல்கிறா. போன மாதம் ஒரு சாமத்திய வீட்டில் ஆலாத்தித் தட்டைத் தூக்கினேன். "நீ விடு பிள்ள, வேற ஆக்கள் இருக்காங்க" என்று மாமி எல்லார் முன்னாலும் வாங்கிக்கொண்டு போனா. அதே மாமியின் மகன், மனைவி செத்து வருடம் திரும்ப முதலே மறுமணம் செய்தபோது இவதான் முன்னுக்கு நின்று பரிமாறினா. அவனுக்கொரு ஞாயம், எனக்கொரு ஞாயமா? "பொம்பிளப் பிள்ள வளருது, வீட்டுக்குள்ள அந்நிய ஆம்பிளையக் கொண்டு வரப் போறியா" என்று பெரியம்மா திரும்பத் திரும்பக் கேட்கிறா. மகளுக்குப் பத்து வயது, அவளுக்கு இதொன்றும் தெரியாது. இப்போது கொஞ்ச நாளாய்த் தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவில் அம்மாவோடு படுக்கப் போகிறாள். "அந்த மாமா வந்தா என்ட அறைய யாருக்குக் குடுப்பீங்க" என்று ஒரு நாள் கேட்டாள், சின்னப் பிள்ளைதானே. மாமியின் மகனுக்கு ஒரு சொல் கேட்காதவர்கள் என்னை மட்டும் ஏன் இப்படி வதைக்கிறார்கள்? இவர்களின் வாயை எப்படி அடைப்பது?

அன்புத் தங்கைக்கு,

உங்கள் மகளுக்கு எல்லாம் தெரியும். நீங்கள் சொல்லவில்லை என்பது மட்டும்தான் உண்மை. பெரியம்மாவின் கத்தல், குசினிக்குள் குசுகுசுப்பு, அவள் வந்ததும் சட்டென்று நிற்கும் பேச்சு, இவற்றிலிருந்து துண்டு துண்டாய்ப் பொறுக்கி அவளே ஒரு கதை கட்டியிருக்கிறாள். பிள்ளைகள் தாங்களாகக் கட்டும் கதையில் இடைஞ்சல் அநேகமாகத் தாங்களாகவே இருப்பார்கள்.

அவள் கேட்டதைச் சின்னப் பிள்ளைப் பேச்சென்று தள்ளிவிட்டீர்கள். அதில் நான் உங்கள் பக்கம் இல்லை. பத்து வயதில் யாரும் "என்மேல் பாசம் குறையுமா" என்று நேரே கேட்பதில்லை. அறை, கட்டில், சைக்கிளில் யார் ஏற்றிப் போவது என்று பொருளாகத்தான் கேட்பார்கள். அறை போகப் போகிறது என்று முடிவுகட்டி, பிறர் எழுப்பிவிட முன்னம் தானே எழும்பிப் போகிறாள். மாமியின் தட்டு உங்களுக்கு எவ்வளவு வலித்ததோ, அந்த வலிதான் இது.

ஆகவே முதலில் அவளிடம் பேசுங்கள். நீங்கள்தான் பேச வேண்டும், அம்மம்மா அல்ல, அவரும் அல்ல. வீட்டில் இருவரும் தனியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். நீண்ட விளக்கம் தேவையில்லை. "அந்த மாமாவைக் கலியாணம் செய்ய யோசிக்கிறேன். உன்ட அறை உன்டதான். அப்பா எப்பவும் உன்ட அப்பாதான். உனக்கு என்ன தோணுதெண்டாலும் சொல்லலாம், கோபிக்க மாட்டேன்." இவ்வளவும் போதும்.

இந்த இடத்தில் பல தாய்மார் செய்யும் பிழை, "உனக்கு விருப்பமா?" என்று கேட்பது. கேட்டால் முடிவின் பாரம் அவள் தலையில் விழும். ஓம் என்றால் அப்பாவுக்குத் துரோகம், இல்லை என்றால் அம்மாவின் சந்தோசத்தைக் கெடுத்த பழி. கலியாணம் உங்கள் முடிவு. அவரை எப்படிக் கூப்பிடுவது, அறைக் கதவை எப்போது பூட்டுவது, பள்ளிக்கூடத்துக்கு யாரோடு போவது, இவை அவள் முடிவாக இருக்கட்டும். "அப்பா" என்று கூப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது, மாமா என்பதே போதும்.

சொன்னதும் அவள் அழலாம். "ம்" என்றுவிட்டு விளையாடப் போகவும் கூடும். அதைச் சம்மதம் என்று எடுத்துவிடாதீர்கள். உண்மையான கேள்வி சில நாள் கழித்து, ஸ்கூட்டியில் பின்னால் இருக்கும்போதோ விளக்கை அணைத்த பிறகோ வரும். திகதியை இப்போது சொல்ல வேண்டாம், சொன்ன நாள் தள்ளிப்போனால் பிள்ளை மறுபடி ஆட்டம் காணும். அதற்கு முன் உங்கள் விவாகரத்துக் கடதாசியை எடுத்துப் பாருங்கள். மாவட்ட நீதிமன்றம் முதலில் தரும் தீர்ப்பு முடிவானதல்ல. குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முற்றான தீர்ப்பாக்கப்படும். விவாகப் பதிவாளருக்குக் காட்ட வேண்டியது அந்த இரண்டாவது தீர்ப்பின் பிரதி. நீங்கள் மறுமணம் செய்வதால் மகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் மாறாது. பிள்ளைக்குத் தாபரிப்புக் கொடுக்கும் அவருடைய கடமையும் தீராது. இதை அவளுக்கும் புரிகிற விதத்தில் சொல்லுங்கள்.

அடுத்தது பழக்கம். டச்சு பே கடற்கரையில் பின்னேரம் ஒரு மணித்தியாலம், பட்டம் விடவோ சும்மா நடக்கவோ மூன்று பேரும் போகலாம். முகத்துக்கு முகம் இருந்து கதைப்பதைவிடக் கைக்கு ஒரு வேலை இருந்தால் பிள்ளைக்கு இலகு. ஒவ்வொரு முறையும் பரிசு வேண்டாம். கலியாணத்துக்குப் பிறகும் கண்டிப்பதும் அடக்குவதும் நீண்ட காலம் உங்கள் பொறுப்பாகவே இருக்கட்டும். வந்த புதிதில் அவர் அதட்டத் தொடங்கும் வீடுகளில்தான் பிள்ளை முறுக்கிக்கொண்டு நிற்கும். இப்படியொரு குடும்பம் ஒட்டிக்கொள்ளச் சில வருடம் பிடிக்கும், அது யாருடைய தோல்வியும் இல்லை.

பெரியம்மாவின் வாய் கோணல். ஆனால் அவ கேட்டதில் ஒன்று நீங்களும் கேட்டிருக்க வேண்டியது. உங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகள் வளரும் வீட்டுக்குள் வளர்ந்த ஆளொருவர் வரும்போது, அவர் எவ்வளவு நல்லவராய் இருந்தாலும், சில ஏற்பாடு தேவை. அவளுடைய அறைக்கு உள்தாழ்ப்பாள், யாரானாலும் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவது, அம்மாவுக்குத் தெரியக் கூடாத இரகசியம் என்று எந்தப் பெரியவர் கேட்டாலும் உடனே உங்களிடம் சொல்வது. அதோடு அவரைக் கவனியுங்கள். மகள் "நான் வரேல்ல" என்று சொல்லும் நாளில் முகம் சுளிக்கிறாரா, "சரி, இன்னொரு நாள்" என்று விடுகிறாரா? அந்நிய ஆம்பிளை என்ற சொல்லுக்குப் பதில் பெரியம்மாவோடு வாதாடிக் கிடைக்காது, இப்படிப் பார்த்துத்தான் கிடைக்கும்.

மாமி செய்தது அநியாயம். ஆணுக்கு அனுதாபம், பெண்ணுக்குப் பழி என்பது நம் ஊர்க் கணக்கு, உங்கள் ஒருத்தியின் குறை அல்ல. ஆனாலும் அவர்களிடம் ஞாயம் கேட்டுக் கேட்டு, அவர்களையே உங்களுக்கு நீதவான் ஆக்கிவிட்டீர்கள். அந்தச் சண்டை உங்களுக்குப் பழகிப் போனது. மகளோடு பேசுவதுதான் பயம் என்று எனக்குப் படுகிறது. இனி யார் கேட்டாலும் "யோசிச்சுத்தான் செய்யிறேன், முடிவானதும் சொல்லுறேன்" என்று ஒரே வசனத்தோடு நிறுத்துங்கள். ஒரு விசயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: பிள்ளையின் காதுபட இந்தப் பேச்சு வரக் கூடாது, வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு எழும்பி வந்துவிடுங்கள்.

பெரியம்மாவும் மாமியும் தூரத்து ஆட்கள். மகள் இரவில் படுப்பது உங்கள் அம்மாவிடம். அம்மா இந்தக் கலியாணத்துக்கு ஓமா இல்லையா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மகளிடம் பேசுவதற்கு முதல் நாள் அவவிடம் இருந்து பேசுங்கள். நீங்கள் பிள்ளைக்குச் சொல்லப் போவதை அப்படியே அவவுக்கும் சொல்லி, அதற்கு மாறாக ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். அம்மா என்ன சொன்னா என்பதை எழுதுங்கள், மிச்சத்தை அதிலிருந்து பார்ப்போம்.