பதினொரு மணி என்றால் யார் பதினொரு மணி?

கேள்வி: எங்க ஆபீஸ் சென்னையில. டாக்கா டீமோட வாராவாரம் மீட்டிங். அரை மணி நேரம்தான் வித்தியாசம், ஆனாலும் மாசத்துல ரெண்டு தடவையாவது யாராவது தப்பான நேரத்துக்கு வந்து நிக்கறாங்க. இதை எப்படித்தான் திட்டமிடுறது?

பதில்:

அமெரிக்காவோடு மீட்டிங் போடுகிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். "பத்தரை மணி நேர வித்தியாசத்தையே நாங்க சமாளிக்கிறோம், அரை மணிக்கு அழுவுறீங்களா?" என்பார்கள். அழத்தான் செய்கிறேன். கோவையில் ஒரு நூற்பாலையின் ஏற்றுமதிப் பிரிவில் ஒன்பது வருடம் வங்கதேசத்துக்கு நூல் விற்றவன் நான். என் அனுபவத்தில் பத்து மணி நேர வித்தியாசத்தைவிட அரை மணிதான் ஆபத்து. அமெரிக்காவுக்குக் கணக்கைத் தப்பாகப் போட்டால் நள்ளிரவு இரண்டு மணி என்று வந்து நிற்கும், பார்த்தவுடன் உறைக்கும். டாக்காவுக்குத் தப்பாகப் போட்டால் பத்தரை பதினொன்றாகவோ பத்தாகவோ மாறும். மூன்றுமே மீட்டிங் போடத் தோதான நேரம் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

நடந்ததைச் சொல்கிறேன். டாக்காவுக்குப் பக்கத்தில் நாராயண்கஞ்சில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், நிட்டிங்கும் சாயமும் சேர்ந்த பேக்டரி. 30-ஆம் நம்பர் கோம்டு ஹோசைரி நூல் ஒரு கண்டெய்னர், பதினெட்டு டன், போயிருந்தது. துணி பின்னிச் சாயம் போட்டதும் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தது என்று புகார். இந்தப் பட்டைக்குப் பல காரணம் உண்டு. வெவ்வேறு தடவை தயாரித்த இரண்டு லாட் நூல் கோன்களை ஒரே மிஷினில் கலந்து ஏற்றினாலும் விழும். எங்களுக்கு அந்தச் சந்தேகம்தான். கோனின் உள்பக்கம் ஒட்டிய லாட் ஸ்டிக்கரை அவர்கள் சாயப்பிரிவு மேனேஜர் முன்னாலேயே கேமராவில் காட்டச் சொன்னால் விஷயம் முடிந்துவிடும். அதற்குத்தான் வீடியோ மீட்டிங்.

முந்தின நாள் மாலை அவர்கள் ஜி.எம். வாட்ஸாப்பில் பேசினார். "தாதா, நாளைக்குப் பதினொரு மணிக்கு எல்லாரையும் உட்கார வெச்சிடறேன்." சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் என் மூளை வேலை செய்தது. அவர்கள் நம்மைவிட அரை மணி முன்னால், எனவே அரை மணி கூட்ட வேண்டும், எனவே நமக்குப் பதினொன்றரை. எங்கள் குவாலிட்டி மேனேஜரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

கூட்டியிருக்கக் கூடாது, கழித்திருக்க வேண்டும். டாக்காவில் பதினொன்று அடிக்கும்போது நமக்குப் பத்தரைதான். நாங்கள் இணைந்தபோது அங்கே மணி பன்னிரண்டு. சாயப்பிரிவு மேனேஜர் நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு ஃப்ளோருக்குப் போய்விட்டார், பிறகு தொழுகை, பிறகு சாப்பாடு. துணியை மடித்து வைத்துவிட்டார்கள், கோன்கள் குடோனுக்குத் திரும்பிவிட்டன. அடுத்த வாரம் மறுபடி கூடியபோது அந்தக் கோன்களில் பாதி காலியாகியிருந்தது. கடைசியில் கிலோவுக்கு 12 சென்ட் விட்டுக்கொடுத்தோம். பதினெட்டு டன்னுக்கு 2,160 டாலர். நேரத்துக்குப் போயிருந்தால் ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியையாவது கேட்டிருப்போம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்த மாதம்தான் எங்கள் ஆபீசில் விரல் வைக்கும் மிஷின் வந்தது. ஒன்பதரைக்கு மேல் மூன்று நிமிடம் போனால் அரை நாள் லீவு. மூன்று மாதத்தில் எனக்கு நாலு அரை நாள் போனது. கண்டெய்னர் கட்-ஆஃபுக்காக ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்த நாட்களை அந்த மிஷின் எண்ணவே இல்லை. ஒரு மணி நேரம் பிந்திப்போன கிளெய்ம் மீட்டிங்குக்கு மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் அது மிஷினில் பதிவாகாது. சரி, விடுங்கள்.

அன்றிலிருந்து நான் கூட்டலும் கழித்தலும் யோசிப்பதில்லை. சூரியனை யோசிக்கிறேன். டாக்கா நமக்குக் கிழக்கே, சூரியன் அவர்களுக்கு முதலில் உதிக்கிறது, அதனால் ஒரே கணத்தில் அவர்கள் கடிகாரத்தில்தான் பெரிய எண் இருக்கும். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து, வங்கதேச நேரம் 90 பாகையை வைத்து. இடையே ஏழரை பாகை, பாகைக்கு நாலு நிமிடம், அதுதான் அரை மணி. எழுதி முடித்ததும் ஒரே பார்வை: டாக்கா பக்கத்து எண் பெரிதாக இருக்கிறதா? இல்லையென்றால் தப்பு.

"கேலண்டரில் போட்டால் அதுவே மாற்றிக்கொள்ளுமே" என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். மாற்றும், மறுக்கவில்லை. ஆனால் வாட்ஸாப்பில் வாயால் சொன்ன பதினொன்றை எந்தக் கேலண்டர் மாற்றும்? கேலண்டரிலும் நான் விழுந்திருக்கிறேன். ஒருமுறை உஷாராக இருப்பதாக நினைத்துக்கொண்டு டாக்கா பதினொன்றை மனதுக்குள்ளேயே பத்தரையாக மாற்றி, பத்தரை என்று தட்டினேன். பிறகு, மீட்டிங் டாக்காக்காரர்களோடுதானே என்று நேரப் பகுதிக்கு Asia/Dhaka என்று தேர்ந்தெடுத்தேன். அதாவது அரை மணியை இரண்டு தடவை கழித்துவிட்டேன். அழைப்பு எல்லோருக்கும் டாக்கா பத்தரை, கோவை பத்து என்று சரியாகவே போனது, எல்லோரும் வந்துவிட்டார்கள். என் மனக்கணக்கை நம்பிப் பத்தரைக்கு உள்ளே வந்தவன் நான் மட்டும், மீட்டிங்கைக் கூட்டிய ஆள். அதன்பின் ஒரே விதி: அவர்கள் சொன்ன எண்ணை அப்படியே தட்டி Asia/Dhaka, நாம் சொன்னதென்றால் அப்படியே தட்டி Asia/Kolkata. நடுவே மனக்கணக்கு கிடையாது.

உங்கள் டீமில் எந்தத் தவறு நடக்கிறது என்பதை ஆள் எத்தனை நிமிடம் தள்ளி வருகிறார் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். மீட்டிங் டாக்கா பதினொன்று, சென்னை பத்தரை என்று வையுங்கள். சென்னை ஆள் அரை மணி பிந்தி, பதினொன்றுக்கு வந்தால், அவர் நேரத்தை மாற்றவே இல்லை. ஒரு மணி நேரம் பிந்தினால் என்னைப் போலக் கூட்டிவிட்டார். அரை மணி முந்தி வந்தால் இரண்டு தடவை கழித்துவிட்டார். டாக்கா ஆளுக்கு இது அப்படியே தலைகீழ்: மாற்றாதவர் அரை மணி முந்துவார், திசை தப்பியவர் ஒரு மணி முந்துவார், இரண்டு தடவை கூட்டியவர் அரை மணி பிந்துவார். இரண்டு மாதம் குறித்து வைத்தீர்களானால் உங்களுக்கு எந்த வியாதி என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அதிகம் முதல் வகைதான். அதற்கு மருந்து, செய்தியில் எப்போதும் ஊர்ப் பெயரோடு இரண்டு நேரத்தையும் எழுதுவது: "திங்கள், கோவை 10:30, டாக்கா 11:00." ஊர்ப் பெயரையே எழுதுங்கள். அவர்கள் ஆட்கள் சிலர் BST என்று போடுவார்கள், அது வங்கதேச நேரம். லண்டன் பையர் அந்த மெயிலில் இருந்தால் அவருக்கு அது பிரிட்டிஷ் கோடை நேரம்.

இனி எந்த நேரம் வைப்பது. நமக்கு முழு மணியில் வைத்தால் அவர்களுக்கு அரையில் தொடங்கும். பத்து முதல் பதினொன்று என்றால் டாக்காவில் பத்தரை முதல் பதினொன்றரை, அவர்களுடைய ஒரு மணி நேரக் கட்டங்கள் இரண்டு கெடும். அவர்களுக்கு முழு மணி கொடுத்தால் நமக்குக் கெடும். யாருக்காவது கெட்டே தீரும். அவர்கள் வாடிக்கையாளர் என்பதால் முழு மணியை அவர்களுக்கு விட்டேன், மீட்டிங்கை முக்கால் மணியாகச் சுருக்கினேன். நமக்குப் பத்தரை முதல் பதினொன்றே கால், அவர்களுக்குப் பதினொன்று முதல் பதினொன்றே முக்கால். தொழுகை நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

மதியம் ஒரு பொறி. இரு ஊரிலும் சாப்பாடு ஒன்று முதல் இரண்டுதான், ஆனால் அவர்களின் ஒரு மணி நமக்குப் பன்னிரண்டரை. எனவே நம் நேரத்தில் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை, ஒன்றரை மணி நேரம், யாராவது ஒருவர் தட்டின் முன் இருப்பார். மாலையில் இரண்டரைக்கு வைக்கலாம், அவர்களுக்கு மூன்று. நாலு மணிக்கு எங்கள் மில்லில் ஷிப்ட் மாறும், குவாலிட்டி ஆள் கிடைக்க மாட்டார். டிசம்பரில் அங்கே ஐந்தே கால் வாக்கில் இருட்டிவிடும், நமக்கு அப்போது நாலே முக்கால்தான், வெளியே நல்ல வெயில். நமக்கு இன்னும் பொழுது இருக்கிறதே என்று இழுத்துக்கொண்டே போவோம், அந்தப் பக்கம் பதில் ஒற்றைச் சொல்லாகிவிடும்.

கிழமையையும் பாருங்கள். அங்கே வங்கிக்கும் அரசு ஆபீசுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. நான் பழகிய பேக்டரிகளுக்கு வெள்ளி மட்டும். எல்.சி., அதாவது வங்கி கொடுக்கும் பண உறுதிக் கடிதம், சம்பந்தமான மீட்டிங்கை வியாழன் மதியத்துக்குத் தள்ளினால் அது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போகும், அன்றைக்கு நம் ஆள் வீட்டில். திங்கள் முதல் புதன் வரைதான் நான் தொடுவேன். ரம்ஜான் மாதத்தில் அவர்கள் வேலை நேரமே சுருங்கும், இரண்டரை மீட்டிங்கை அந்த மாதம் முழுக்கக் காலைக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, "அரை மணி என்றைக்கும் அரை மணிதானே, எதுக்கு ஊர்ப்பெயர்?" என்பவர்களுக்கு. 2009 ஜூன் 19 இரவு வங்கதேசம் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தது. அந்த டிசம்பர் 31 வரை நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேரம். நான் அப்போது இந்த வேலையில் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் "+30" என்று பெரிதாக எழுதி மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டு, அதன் மேல் கோடு போட்டு "+90", அதன் மேல் மறுபடி கோடு போட்டு "+30" என்று, நான் சேர்ந்தபோதும் அங்கேயே இருந்தது.