காய்ச்சல் போய்விட்டது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை

குழந்தைகள் வார்டில் 22 வருடம் நர்ஸாக இருந்தேன். என் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு விதமாக இரவில் என்னைப் படுத்தி எடுத்தவர்கள். பல், சளி, காய்ச்சல் வந்துபோன பிறகு கெட்டுப்போகும் தூக்கத்தைப் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்கிறேன், பாதிப் பேருடைய சிக்கல் அதிலேயே இருக்கிறது.

பத்து மாதப் பெண். மூன்று வாரம் முன்னால் சளி, இரண்டு நாள் காய்ச்சல். அதற்கு முன்பு ஏழரைக்குப் படுத்தால் நாலு மணிக்கு ஒரு பால், மறுபடி ஆறு வரை தூக்கம். இப்போது பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று எழுகிறாள். பல் வருகிறதோ?

பல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பல் ஈறைக் கிழித்து வரும்போது தொந்தரவு இருப்பது ஏறக்குறைய எட்டு நாள்தான். வருவதற்கு முந்தைய நாலு நாள், வந்த நாள், பிறகு ஒரு மூன்று நாள். அடுத்தடுத்துப் பற்கள் வந்தாலும் நடுவில் சில நல்ல இரவுகள் இருக்கும். மூன்று வாரம் இடைவெளியே இல்லாமல், அதுவும் கடிகாரம் வைத்த மாதிரி இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

அதனால் இவரிடம் திருப்பிச் சில கேள்விகள் கேட்டேன். எழுந்தவள் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறாள்? பாட்டில் வாயில் பட்டதுமே. எவ்வளவு குடிக்கிறாள்? பதினொரு மணிக்கு 120 மி.லி., மற்ற நேரங்களில் முப்பது, நாற்பதுக்குள் தூங்கிவிடுகிறாள். பகலில்? நன்றாக விளையாடுகிறாள், ஆனால் காலையில் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாள். வலியில் இருக்கும் குழந்தை தூக்கிய பிறகும் அழும், பாலை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு விலக்கும். இது வலி இல்லை.

நாம் எல்லோரும் இரவில் பல தடவை லேசாக விழித்துத் திரும்பிப் படுக்கிறோம், குழந்தைகளும் அப்படித்தான். உடம்பு சரியில்லாத நாட்களில் ஒவ்வொரு விழிப்பிலும் பாட்டில் வந்தது. வர வேண்டியதுதான். நோய் போன பிறகும் அது வந்துகொண்டே இருந்ததால், பாட்டில் இல்லாமல் மறுபடி கண்ணயர்வது எப்படி என்பதை அவள் மறந்துவிட்டாள். கூடவே இன்னொன்றும் நடந்திருக்கிறது. பகலில் சாப்பிட வேண்டியது இரவுக்கு நகர்ந்துவிட்டது. ஆகவே பதினொரு மணிப் பசி நிஜமான பசி. ஒரே இரவில் எல்லாவற்றையும் நிறுத்தினால் பசித்த குழந்தையைத்தான் அழ விடுவீர்கள்.

இப்படிச் செய்யச் சொன்னேன். முதலில் படுக்கப்போகும் நேரத்துப் பால். தூங்குவதற்கு அரை மணி முன்னாலேயே அதைக் கொடுத்து முடித்துவிட்டு, பிறகு வாய் துடைத்து, பாட்டுப் பாடி, கண் சொருகும் நேரத்தில் படுக்கையில் விட வேண்டும். பதினொரு மணிப் பாலை 120-இலிருந்து 90, 60, 30 என்று இரண்டு இரவுக்கு ஒருமுறை குறைக்க வேண்டும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் பால் இல்லை, மார்பில் கை வைத்துத் தட்டிக்கொடுப்பதோடு சரி. பழைய நாலு மணிப் பாலை அப்படியே விட்டுவிடலாம்.

நேற்று எழுதியிருந்தார். முதல் இரண்டு இரவு பரவாயில்லை, நாலாவது இரவு மோசம், ஐம்பது நிமிடம் அழுகை, கைவிட்டுவிடலாம் என்றே நினைத்தாராம். ஆறாம் நாள் காலையில் இரண்டு மடங்கு சாப்பாடு. ஒன்பதாம் இரவு பதினொரு மணி விழிப்பு போய்விட்டது. ஐந்து மணி விழிப்பு இன்னும் இருக்கிறது. அது ஏன் என்று எனக்கும் பிடிபடவில்லை. பகல் தூக்கம் சாயங்காலம் வரை இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் காய்ச்சல் அடிக்கும்போதும் பால் தராமல் அழ விடணும் என்கிறீர்களா? மனசு வருமா?

ஐயோ, நான் சொன்னது நேர் எதிர். காய்ச்சல் நாட்களில் கேட்டபோதெல்லாம் கொடுங்கள், தூக்குங்கள், பக்கத்திலேயே இருங்கள். நீர் வற்றாமல் இருப்பதுதான் அப்போது முக்கியம். அந்த நாலைந்து நாளில் எந்தப் பழக்கமும் கெட்டுப்போகாது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் அதையே தொடர்வதில்தான் சிக்கல்.

நோய் முடிந்தது என்று எந்த நாளை வைத்துக்கொள்வது? மூக்கு இன்னும் ஒழுகுகிறது.

மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆயுசுக்கும் காத்திருப்பீர்கள். சளி அடங்க ஏழு முதல் பத்து நாள் ஆகும், இருமல் மூன்று வாரம்கூட இழுக்கும். நான் பார்ப்பது மூன்று விஷயம். மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, பகலில் வழக்கம்போலச் சாப்பிடுகிறது, விளையாட்டில் பழைய வேகம் வந்துவிட்டது. மூன்றும் இருந்தால் இன்னும் ஒரு இரவு பொறுத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

பகல் தூக்கத்தை மட்டும் உடனே வெட்டாதீர்கள். நோயிலிருந்து எழுந்த குழந்தை சில நாள் கூடுதலாகத் தூங்கும். சாயங்காலம் படுக்கைக்கு ரொம்பக் கிட்டத்தில் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பல் முளைக்கும்போது 102 காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வருவது சகஜம். என் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வந்தது. பேரனை எதற்கு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்?

அம்மா, நீங்கள் கண்ணால் பார்த்ததை நான் மறுக்கவில்லை. பல் வரும்போது எச்சில் வடியும், கடிக்கும், எரிச்சல்படும், உடம்பு லேசாகக் கதகதப்பாகவும் இருக்கும். ஆனால் 102 டிகிரியைப் பல் கொண்டுவராது, வயிற்றுப்போக்கையும் கொண்டுவராது. இரண்டும் ஒரே சமயத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. முதல் பல் வரும் ஆறாம் மாதத்தை ஒட்டித்தான் அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிறது. கிருமிக்கு அது நல்ல காலம். 100.4-க்கு மேல் போனால் பல்லை விட்டுவிட்டு வேறு காரணம் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த 100.4 வந்தாலே, இரவோ பகலோ, உடனே டாக்டர்.

இரவில் பல் வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தேன், ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான். தினமும் கொடுக்கலாமா?

ஐந்து நிமிடத்தில் தூக்கம் வந்தது மருந்தால் இல்லை. அது வேலை செய்ய அரை மணியாவது ஆகும். நீங்கள் தூக்கியதும் இனிப்பான சிரப்பும்தான் அவனைத் தூங்க வைத்தன. ஈறு வீங்கி, பகலிலும் அழுதால் ஒன்றிரண்டு இரவு கொடுப்பதில் தப்பில்லை என்பது என் எண்ணம். பல்லுக்கு மருந்தே வேண்டாம் என்கிற டாக்டர்களும் உண்டு. தினமும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அளவு வயதைப் பார்த்து இல்லை, எடையைப் பார்த்து. கிலோவுக்கு 15 மி.கி. என்று வைத்தால் எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மி.கி. ஐந்து மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது ஐந்து மி.லி. ஆனால் ஐந்து மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் இரண்டரையைக்கூடத் தொடாது. சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. பாட்டில் மாறும்போது பழைய கணக்கிலேயே ஊற்றிவிட்டு வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் இரண்டு மணிக்கு லேபிள் படிக்காதீர்கள், பகலிலேயே டாக்டரிடம் அளவு கேட்டுப் பாட்டிலில் எழுதி ஒட்டிவிடுங்கள். வேளைக்கு வேளை நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். ஈறில் தடவும் மரத்துப்போகும் ஜெல், அதிலும் பென்சோகெய்ன் உள்ளது, இரண்டு வயது வரை கூடவே கூடாது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே அது கெடுத்துவிடலாம்.

காய்ச்சலோடு தூங்குகிற குழந்தையை மருந்துக்காக எழுப்பணுமா?

வேண்டாம். மருந்து குழந்தையின் அவஸ்தைக்கு, தெர்மாமீட்டர் எண்ணுக்கு இல்லை. மூச்சைக் கவனியுங்கள். விலா எலும்பு உள்ளே இழுத்து வேகமாக மூச்சு விட்டாலோ, எழுப்பினாலும் சோர்ந்து சரிந்தாலோ, சிறுநீர் நன்றாகக் குறைந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.

சளி அடைத்து மூச்சுத் திணறுகிறது. தலைக்குத் தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்க வைக்கிறோம். சோஃபாவில் மார்பில் போட்டுக்கொண்டால் இன்னும் நன்றாகத் தூங்குகிறான்.

எத்தனை மாதம் என்று சொல்லவில்லை. ஒரு வயதுக்குள் என்றால் இரண்டையும் நிறுத்துங்கள். தலையணையில் கழுத்து மடிந்து மூச்சு அடைபடும், சோஃபாவில் நீங்களும் கண்ணயர்ந்துவிட்டால் குழந்தை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். தட்டையான இடத்தில் மல்லாக்காகத்தான். படுக்கும் முன்பும் பாலுக்கு முன்பும் உப்புத் தண்ணீர் சொட்டு ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து உறிஞ்சி எடுங்கள். அதை ஒரு நாளில் நாலைந்து தடவைக்கு மேல் செய்தால் மூக்கு உள்ளே வீங்கி இன்னும் அடைக்கும். இருமலுக்குத் தேன் ஒரு வயதுக்குப் பிறகு மட்டும்.

நான் குழந்தை மருத்துவம் படிக்கிறேன். ஒன்று சேர்க்கலாமா? சளி குறைந்து வரும்போது திடீரென்று மறுபடி காய்ச்சல் வந்து, படுக்க வைத்தாலே அலறினால் காதைப் பார்க்க வேண்டும். போன தடவை நீங்கள் "காதை இழுத்தால் காது வலி" என்றீர்கள், அது மட்டும் போதாது.

சரிதான், ஒத்துக்கொள்கிறேன். பல் வரும்போதும் தூக்கம் வரும்போதும் குழந்தைகள் காதை இழுக்கும். நீங்கள் சொன்ன "படுத்தால் அலறல், நிமிர்த்தினால் ஆறுதல்" அதைவிட நல்ல அடையாளம். அப்படிப்பட்ட இரவில் பழக்கம் திருத்தும் வேலையே வேண்டாம்.

எங்கள் பையன் குழந்தைக் காப்பகம் போகிறான். தூக்கம் சரியாவதற்குள் அடுத்த சளி. வீட்டில் எல்லோரும் ஒன்றாகத்தான் படுக்கிறோம், இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும். விழித்ததும் என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு, யார் எங்கே படுக்கிறார்கள் என்பது இல்லை. வருடத்துக்கு ஆறு, எட்டு சளி சின்னக் குழந்தைக்குச் சாதாரணம், காப்பகம் என்றால் இன்னும் கூடும். ஒவ்வொரு தடவையும் முழுதாகத் திருத்த முடியாது. ஒன்றை மட்டும் விடாதீர்கள்: படுக்கும் நேரமும் அதற்கு முந்தைய வரிசையும் காய்ச்சல் இரவிலும் அதேதான், பாதிப் பாட்டோடு நிறுத்தினாலும் சரி. தட்டிக்கொடுத்துச் சமாளிக்க முடிகிற விழிப்புக்குத் தட்டிக்கொடுங்கள், அதில் அடங்கவில்லை என்றால் தூக்குங்கள். என் மூத்தவனுக்கு இரண்டு வயது வரை ஒரு மாதம் முழுக்க நல்ல தூக்கம் என்று ஒன்று இருந்ததில்லை. இளையவளுக்கும் அதே வீடு, அதே சளி, மூன்றாம் நாளே பழையபடி தூங்கிவிடுவாள்.