'காட்டுகிறது' எங்கே பொருந்தும்?

வணக்கம் ஐயா. வடமத்திய மாகாணச் சிறுநீரக நோய் பற்றிய என் முதுமாணி ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வில் எல்லா ஆய்வுகளுக்கும் 'காட்டுகிறது' என்றே எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் பாதிக்கு மேல் வட்டமிட்டு, 'இவ்வளவு சொல்ல இடமில்லை' என்று எழுதிவிட்டார். ஆங்கிலக் கட்டுரைகளில் வரும் ஷோஸ், இண்டிகேட்ஸ், சஜெஸ்ட்ஸ் மூன்றையும் எதை வைத்துப் பிரிப்பது?
– வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

கட்டுரைக்கு ஒரு வினை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கட்டுரையிலிருந்து நீங்கள் எழுதும் மூன்று வசனங்களுக்கு மூன்று வினைகள் வேண்டியிருக்கும்.

உங்கள் துறையில் அடிக்கடி வரும் ஒரு வகை ஆய்வையே எடுப்போம். நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே காலத்தில் சந்தித்து, இரு சாராரும் குடிக்கும் கிணற்றுநீரின் வன்மையை அளந்து ஒப்பிடுகிறார்கள். நோயாளிகளின் கிணறுகளில் வன்மை கூடுதலாக இருந்தது என்றால் அது அளந்து கண்டது. அங்கே 'காட்டுகிறது' சரி. வன்மைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது அந்த அளவீட்டிலிருந்து பெறப்படுவது. வேறு ஊரில் மாறலாம். 'சுட்டுகிறது' போதும். வன்னீர்தான் நோயை உண்டாக்கியது என்ற இடத்துக்கு வந்தால், 'எனக் கருத இடமளிக்கிறது' என்பதற்கு மேல் போக முடியாது. ஏனென்றால் நோய் தொடங்குமுன் அவர் எந்தக் கிணற்று நீரைக் குடித்தார் என்பதை யாரும் அளக்கவில்லை. வன்னீர் குடிப்பவர் வெயிலில் வயல் வேலை செய்பவராகவும் இருக்கலாம். உங்கள் மேற்பார்வையாளர் வட்டமிட்டவை பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையாகத்தான் இருக்கும்.

இதே பலவீனமுள்ள ஐந்து ஆய்வுகள் ஒத்துப்போனாலும் வினையை உயர்த்தாதீர்கள். முந்தைய வெளிப்பாட்டை யாரும் அளக்காத குறை ஐந்திலும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு வகைக் கட்டுரையில் புதிய தரவே இருக்காது. கிளைபோசேட், வன்னீர், உலோகங்கள் மூன்றையும் இணைத்து 2014இல் வெளிவந்த கட்டுரை ஒரு கருதுகோள். அதன் தலைப்பே கேள்விக்குறியோடு முடிகிறது. அதற்கு 'முன்வைத்தது' என்பதே பொருத்தம். இப்படிப்பட்ட கட்டுரையை ஒருவர் 'சுட்டியது' என்று மேற்கோள் காட்ட, அவரைப் படித்த அடுத்தவர் 'நிரூபித்தது' என்று எழுதுவார். ஆகவே இன்னொருவரின் மீளாய்விலிருந்து வினையை எடுக்காமல், மூலக்கட்டுரையின் ஆய்வு முறைப் பகுதியைப் பார்த்து எழுதுங்கள்.

'சுட்டிக்காட்டுகிறார்' என்பதில் கவனமாக இருங்கள். அப்படி எழுதினால் அந்தக் கருத்து உண்மை என்று நீங்களும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்த பந்தியில் அதை மறுத்தால் இரண்டும் மோதும். மறுக்கப்போகும் கருத்துக்கு 'வாதிடுகிறார்' என்று போடுங்கள்.

திருத்தும்போது கோப்பில் 'காட்டு' என்று தேடுங்கள். வருகிற ஒவ்வொரு இடத்திலும் அந்த வசனம் சொல்வது அளவா, தொடர்பா, காரணமா என்று ஓரத்தில் குறியுங்கள். காரணம் என்று குறித்தவற்றை முதலில் மாற்றுங்கள். மாற்றும்போது தயக்கத்தை இரட்டிப்பாக்க வேண்டாம்: 'காரணமாக இருக்கலாம் எனக் கருத இடமளிக்கக்கூடும்' என்பதில் 'இருக்கலாம்' ஒன்றே போதும், மற்றதை வெட்டிவிடுங்கள்.